பன்னிரண்டு சதவீதமும் இரண்டு வட்டியும் ஒன்றாவது எப்படி?

ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் வட்டிக்குக் கொடுப்பவர் ஒருவர் ‘நூற்றுக்கு இரண்டு வட்டி’ என்கிறார். கடைத்தெருவில் இருக்கும் நிதி நிறுவனமோ ‘ஆண்டுக்கு 12 சதவீதம், 24 மாதத் தவணை’ என்கிறது. ஊர் வழக்கில் வட்டி மாதக் கணக்கில் சொல்லப்படுவதால் இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24 சதவீதம் ஆகிறது. எனவே நிறுவனத்தின் கடன் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று அந்தக் குடும்பம் முடிவு செய்வது இயல்பு. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே விலைதான். 12, 24 என்ற எண்கள் வெவ்வேறு அடிப்படையில் சொல்லப்படுவதே இந்த மயக்கத்துக்குக் காரணம்.

முதலில் ஊர்க் கடனை எடுத்துக்கொள்வோம். அசல் ஒரு லட்சம், வட்டி மாதம் 2,000 ரூபாய். கடன் வாங்கியவர் மாதாமாதம் வட்டியைக் கட்டாமல் விட்டுவிட்டு, ஆண்டு முடிவில் மொத்தமாகத் தீர்க்கிறார் என்றும், கொடுத்தவர் அசலுக்கு மட்டுமே வட்டி கேட்கிறார் என்றும் கொண்டால் திருப்பித் தரவேண்டிய தொகை 1,24,000 ரூபாய். இது பள்ளிக்கூடத்தில் நாம் படித்த தனிவட்டி. கட்டாத வட்டியை ஒவ்வொரு மாதமும் அசலோடு சேர்த்து, சேர்ந்த தொகைக்கு அடுத்த மாத வட்டியைப் போட்டால் அது கூட்டுவட்டி. அப்போது ஆண்டு முடிவில் கடன் 1,26,824 ரூபாயாக நிற்கும். ஓராண்டில் வேறுபாடு மூவாயிரத்தைக்கூட எட்டவில்லை. ஆனால் காலம் நீள நீள இந்த இடைவெளி விரிகிறது. ஐந்து ஆண்டுகளில் தனிவட்டிக் கணக்கில் 2,20,000 ரூபாயாக இருக்கும் கடன், கூட்டுவட்டிக் கணக்கில் 3,28,103 ரூபாய் ஆகிவிடும். வட்டி குட்டி போடுகிறது என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான்.

தனிவட்டி என்று பேசிக் கொடுக்கப்பட்ட கடன் சத்தமில்லாமல் கூட்டுவட்டியாக மாறும் ஓர் இடம் உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. புரோநோட்டின் பேரில் கொடுத்த கடனை வசூலிக்க வழக்குப் போடுவதற்கான காலவரம்பு சட்டப்படி மூன்று ஆண்டுகள். அந்தக் கெடு முடியுமுன் புரோநோட்டை மாற்றி எழுதிக்கொள்வது வழக்கம். அப்படி எழுதும்போது நிலுவையில் இருக்கும் வட்டியையும் சேர்த்துப் புதிய அசலாக எழுதிவிடுகிறார்கள். நம் எடுத்துக்காட்டில் மூன்று ஆண்டு வட்டி 72,000 ரூபாய். புதிய புரோநோட்டில் அசல் 1,72,000 ரூபாய் என்று இருக்கும். அடுத்த மூன்று ஆண்டு முடிவில் கடன் 2,95,840 ரூபாய் ஆகும். தொடக்கத்தில் பேசிய தனிவட்டியே நீடித்திருந்தால் அது 2,44,000 ரூபாயோடு நின்றிருக்கும். வட்டி விகிதத்தை யாரும் உயர்த்தவில்லை, பேச்சையும் மீறவில்லை. ஆயினும் 51,840 ரூபாய் கூடிவிட்டது. நகைக்கடனைத் திருப்பி வைக்கும்போது வட்டியைக் கட்டாமல் கடன் தொகையை உயர்த்தி வைப்பதும் இதே செயல்தான்.

இனி ஒரு கேள்வி எழும். கடன் வாங்கியவர் மாதந்தோறும் 2,000 ரூபாய் வட்டியைத் தவறாமல் கட்டிவிட்டால், வட்டிக்கு வட்டி என்பதே அங்கு இல்லையே, அப்போது ஆண்டு வட்டி 24 சதவீதம்தானே? கட்டிய ரூபாயை மட்டும் கூட்டினால் 24,000 என்பது சரிதான். ஆனால் ஆண்டு முடிவில் ஒரே முறையாக 24,000 கட்டுவதும், முதல் மாதத்திலிருந்தே இரண்டாயிரம் இரண்டாயிரமாகக் கட்டுவதும் ஒன்றல்ல. முதல் மாதம் கொடுத்த 2,000 ரூபாய் பதினொரு மாதம் முன்னதாகவே கையை விட்டுப் போய்விட்டது. கடன் கொடுத்தவர் அதை அதே விகிதத்தில் வேறொருவருக்குக் கொடுத்து வட்டி ஈட்டலாம், நம்மிடம் இருந்திருந்தால் நமக்கு வேறு கடனைக் குறைக்கப் பயன்பட்டிருக்கும். இந்தக் கால வேறுபாட்டையும் விலையில் சேர்த்துச் சொல்வதே பயனுறு ஆண்டு வட்டி. மாத வட்டியை i என்று கொண்டால் அதன் சூத்திரம் இது:

```
(1 + i)^12 - 1
```

இரண்டு சதவீதத்துக்கு 1.02 என்பதைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 1.2682 வரும். ஒன்றைக் கழித்தால் 26.82 சதவீதம். மாதத்துக்கு ஒரு முறை வட்டி கட்டுகிற கடனையும், காலாண்டுக்கு ஒரு முறை கட்டுகிற கடனையும், ஆண்டுக்கு ஒரு முறை கட்டுகிற கடனையும் ஒரே அளவுகோலில் நிறுத்தி ஒப்பிடுவதற்கு இந்த எண் பயன்படுகிறது.

இப்போது நிதி நிறுவனத்தின் 12 சதவீதத்துக்கு வருவோம். அங்கே கணக்கு போடும் முறை இதுதான்: ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு 24,000 ரூபாய். அதை அசலோடு கூட்டி 1,24,000 ரூபாயை 24 ஆல் வகுத்தால் மாதத் தவணை 5,167 ரூபாய். இதை ஃபிளாட் வட்டி என்கிறார்கள். தனிவட்டிச் சூத்திரத்தை அப்படியே எடுத்துப் போட்டது போலத் தோன்றுவதால் இதில் தவறு இருப்பதாக யாருக்கும் படுவதில்லை. ஆனால் அந்தச் சூத்திரம் ஒரு நிபந்தனையோடு வருகிறது: அசல் முழுவதும் கடைசி நாள் வரை கடன் வாங்கியவர் கையிலேயே இருக்க வேண்டும். இங்கே முதல் தவணையிலிருந்தே அசலின் ஒரு பகுதி திரும்பிப் போய்விடுகிறது. இருபத்துநான்காம் மாதத்தில் அவர் கையில் இருப்பது கடனின் கடைசி ஐயாயிரம் ரூபாய் மட்டுமே. ஆனாலும் அந்த மாதத்துக்கும் முழு ஒரு லட்சத்துக்கான ஆயிரம் ரூபாய் வட்டி கணக்கில் ஏற்றப்பட்டிருக்கிறது.

வங்கிகள் பொதுவாகச் செய்வது வேறு. அவை ஒவ்வொரு மாதமும் எஞ்சியிருக்கும் நிலுவைக்கு மட்டும் வட்டி போடுகின்றன. இதே ஒரு லட்சத்தை 12 சதவீதத்தில், குறையும் நிலுவை முறையில், 24 மாதத்துக்குக் கொடுத்தால் மாதத் தவணை 4,707 ரூபாய் ஆகும். மொத்த வட்டி ஏறத்தாழ 12,976 ரூபாய். இரண்டு இடத்திலும் ‘12 சதவீதம்’ என்றே சொல்கிறார்கள். ஓரிடத்தில் வட்டி 12,976, இன்னோரிடத்தில் 24,000.

அப்படியானால் ஃபிளாட் 12 சதவீதத்தின் உண்மையான மாத வட்டி எவ்வளவு? துல்லியமான கணக்குக்கு முன், மனக்கணக்காக ஓர் அண்ணளவைக் கண்டுவிடலாம். அசல் ஒரு லட்சத்தில் தொடங்கி மாதந்தோறும் சமமாகக் குறைந்து பூச்சியத்தில் முடிகிறது என்று கொண்டால், இரண்டு ஆண்டு முழுவதும் சராசரியாகக் கையில் இருந்தது பாதியைவிடச் சற்றே கூடுதல், அதாவது 52,083 ரூபாய். இவ்வளவு பணத்துக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் கட்டினால் அது 23 சதவீதம். தவணைக் கடனில் தொடக்க மாதங்களில் வட்டிப் பங்கு பெரிதாகவும் அசல் பங்கு சிறிதாகவும் இருப்பதால் நிலுவை சமமாகக் குறையாமல் முதலில் மெதுவாகவே இறங்குகிறது. ஆகவே உண்மை விகிதம் இதைவிடக் கொஞ்சம் குறைவு: மாதம் 1.798 சதவீதம், பன்னிரண்டால் பெருக்கினால் 21.57 சதவீதம். ஃபிளாட் விகிதம் எதைக் கேட்டாலும், அதை ஏறத்தாழ இரண்டால் பெருக்கிக்கொள்வது கடைவாசலில் நின்றபடி செய்யத்தக்க, நம்பத்தகுந்த சோதனை.

இதோடு முடிவதில்லை. கடன் ஒப்புதலானதும் பரிசீலனைக் கட்டணம் என்று 2 சதவீதம் பிடிக்கிறார்கள் என்று கொள்வோம். அது 2,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 360 ரூபாய். இந்த 2,360 ரூபாய் கடன் தொகையிலேயே கழிக்கப்படுவதால் குடும்பத்தின் கையில் வந்து சேர்வது 97,640 ரூபாய் மட்டுமே. தவணையோ ஒரு லட்சத்துக்கு உரிய அதே 5,167 ரூபாய். வட்டி கணக்கிடும்போது உண்மையில் கைக்கு வந்த தொகையைத்தான் கடன் என்று கொள்ளவேண்டும்; காகிதத்தில் எழுதியிருக்கும் தொகையை அல்ல. ஊர்க் கடனில் முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 98,000 ரூபாயை எண்ணிக் கொடுக்கும் இடத்திலும் இதே விதிதான் பொருந்தும்.

97,640 ரூபாயை வாங்கி, 24 மாதம் தலா 5,166.67 ரூபாய் திருப்பித் தரும்போது, எந்த மாத வட்டி விகிதத்தில் கடைசித் தவணையோடு நிலுவை சரியாகப் பூச்சியத்தில் வந்து நிற்கிறதோ, அதுவே உண்மையான விகிதம். இதை நேராகத் தீர்த்துத் தரும் சூத்திரம் கிடையாது. ஒரு விகிதத்தை ஊகித்துப் போட்டுப் பார்த்து, பிழையைக் கொண்டு திருத்திக்கொண்டே போகவேண்டும். நோட்டுப் புத்தகத்தில் செய்வதானால், நிலுவைக்கு ஒரு மாத வட்டியைக் கூட்டி, தவணையைக் கழித்து, அடுத்த வரியில் மீண்டும் அதையே செய்யவேண்டும். மாதம் ஒரு சதவீதம் என்று தொடங்கினால் 24 வரி முடிவில் 15,386 ரூபாய் கூடுதலாகக் கட்டியதாக வரும். ஆகவே நம் ஊகம் மிகக் குறைவு. இரண்டு சதவீதம் என்று போட்டால் கூடுதல் 132 ரூபாயாகச் சுருங்கிவிடும். உண்மை விகிதம் இரண்டுக்கு மயிரிழை மேலே இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். கணினியிலோ கைப்பேசியிலோ எக்செல் போன்ற விரிதாள் இருந்தால் ஒரே வரி போதும்:

```
=RATE(24,-5166.67,97640)
=(1+RATE(24,-5166.67,97640))^12-1
```

முதல் வரி மாத வட்டியைத் தருகிறது: 2.007 சதவீதம். இரண்டாம் வரி பயனுறு ஆண்டு வட்டியைத் தருகிறது: 26.9 சதவீதம். ஊர்க் கடனின் 26.82 சதவீதத்துக்கும் இதற்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. தவணைத் தொகைக்கு முன் கழித்தல் குறி போடுவது, அது கையை விட்டுப் போகும் பணம் என்பதைக் காட்ட. அதை விட்டுவிட்டால் விரிதாள் பிழை காட்டும்.

இந்த இடத்தில் பலரும் ஒரு மறுப்பைச் சொல்வார்கள். ஊர்க் கடனில் இரண்டு ஆண்டு வட்டி 48,000 ரூபாய் ஆகிறது, நிறுவனத்தில் கட்டணம் சேர்த்தும் 26,360 ரூபாய்தானே, பிறகு எப்படி விலை ஒன்றாகும்? இது நியாயமான கேள்வி. ஊர்க் கடனில் ஒரு லட்சமும் 24 மாதமும் நம்மிடமே இருந்தது. நிறுவனக் கடனில் சராசரியாகப் பாதிதான் நம்மிடம் இருந்தது. பாதிப் பணத்துக்குப் பாதி வட்டி கட்டினால் விலை மலிந்துவிட்டதாகப் பொருள் இல்லை. ஒரு கிலோ அரிசியை 60 ரூபாய்க்கும் அரைக் கிலோவை 30 ரூபாய்க்கும் வாங்குவது போன்றது அது. அதே வேளையில், மாதந்தோறும் அசலைக் கட்டாயமாகக் குறைக்கும் தவணைக் கடன், அசலைத் தொடாமல் ஆண்டுக்கணக்கில் வட்டி மட்டும் கட்ட வைக்கும் கடனைவிடக் குடும்பத்துக்குப் பாதுகாப்பானது என்றே நான் கருதுகிறேன். அது விகிதத்தால் வரும் நன்மை அல்ல, கடன் அமைந்திருக்கும் விதத்தால் வருவது.

நிறுவனங்கள் இந்த உண்மை விகிதத்தை எழுத்தில் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. 2024 ஏப்ரல் 15 அன்று வெளியான சுற்றறிக்கைப்படி, 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தரவேண்டும். அதில் ஏ.பி.ஆர். என்ற ஆண்டு சதவீத விகிதம் இருக்கவேண்டும். கட்டணங்களைக் கழித்துக் கைக்கு வந்த தொகையின் மேல், குறையும் நிலுவை முறையில் அது கணக்கிடப்படுகிறது. விளம்பரத்தில் இருக்கும் 12 சதவீதத்தை விட்டுவிட்டு அந்த வரியைத்தான் முதலில் தேடவேண்டும். ஆனால் ஒரு நுணுக்கத்தை நினைவில் கொள்ளவேண்டும். ரிசர்வ் வங்கி கொடுத்த மாதிரிக் கணக்கில் மாத விகிதம் பன்னிரண்டால் பெருக்கப்படுகிறதே தவிர, பன்னிரண்டு முறை கூட்டுவட்டியாக ஏற்றப்படவில்லை. எனவே நம் கடனுக்கு அந்த அறிக்கையில் 24.09 சதவீதம் என்றுதான் இருக்கும், 26.9 என்று இராது. இரண்டு தவணைக் கடன்களின் ஏ.பி.ஆர். எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் குறையில்லை. ஒன்றின் ஏ.பி.ஆர். எண்ணை மற்றொன்றின் பயனுறு ஆண்டு வட்டியோடு ஒப்பிட்டால்தான் கணக்குத் தவறிவிடும்.

வங்கிகள் எல்லாக் கடனுக்கும் கூட்டுவட்டி போடுகின்றன என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தவணை ஒழுங்காகக் கட்டப்படும் வரை அது சரியல்ல. ஒவ்வொரு மாதத் தவணையிலும் அந்த மாதத்து வட்டி முழுவதும் தீர்ந்துவிடுகிறது. மிச்சம்தான் அசலுக்குப் போகிறது. அசலோடு ஏறுவதற்கு வட்டியே எஞ்சுவதில்லை. தவணை தவறும்போதுதான் கூட்டுவட்டி உயிர்பெறுகிறது. கட்டாத வட்டி நிலுவையில் சேர்ந்து, அடுத்த மாதத்திலிருந்து அதற்கும் வட்டி ஓடத் தொடங்கும். வங்கிகள் 2002 ஏப்ரல் முதல், விவசாயக் கடன்கள் நீங்கலாக, மாதம் ஒரு முறை வட்டியைக் கணக்கில் ஏற்றுகின்றன. தாமதத்துக்காக விதிக்கும் அபராதக் கட்டணத்தை அசலோடு சேர்த்து அதற்கு வட்டி போடக்கூடாது என்று 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கை தடுத்திருக்கிறது. ஆனால் நிலுவை வட்டி வழக்கம்போல் கூட்டுவட்டியாக ஏறுவதை அது தொடவில்லை.

கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வேறுபாட்டை அரசே கணக்கிட்டுக் கொடுத்த ஒரு நிகழ்வு இங்கே பயன்படும். கொரோனா காலத்தில் 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அந்த ஆறு மாதத்துக்கு, இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடன்களில் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. 20 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன், வட்டி 8 சதவீதம் என்றால் ஆறு மாதத் தனிவட்டி 80,000 ரூபாய், கூட்டுவட்டி 81,345 ரூபாய். திரும்பக் கிடைத்தது 1,345 ரூபாய். பலருக்கு இது ஏமாற்றமாக இருந்தது. ஆனால் ஆறு மாதத்தில் கூட்டுவட்டியின் வேலை அவ்வளவுதான். அந்த 80,000 ரூபாய் அசலோடு சேர்ந்து அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குத் தவணையாக நீண்டதில்தான் உண்மையான சுமை இருந்தது.

பயனுறு ஆண்டு வட்டிக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தண்டல் கடனில் பார்க்கலாம். 10,000 ரூபாய்க் கடனில் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் வசூலிக்கிறார்கள் என்று கொள்வோம். இதன் நாள் வட்டி 0.2125 சதவீதம். 365 ஆல் பெருக்கினால் 77.6 சதவீதம், கூட்டுவட்டியாக ஏற்றினால் 117 சதவீதம். நூறு நாளில் கடனை முடித்துவிட்டு மீண்டும் வாங்காதவர் ஆண்டுக்கு 117 சதவீதம் கட்டினார் என்று சொல்வது மிகை. அவர் கட்டியது ஆயிரம் ரூபாய்தான். ஆனால் ஒரு தண்டல் முடிந்ததும் அடுத்ததை எடுத்து ஆண்டு முழுவதும் ஓட்டுபவருக்கு அந்த எண் முற்றிலும் மெய். தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கந்துவட்டித் தடுப்புச் சட்டம் தண்டலையும் மீட்டர் வட்டியையும் நாள் வட்டியையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

கடைசியாக, நிறுவனக் கடனைப் பாதியில் முடிக்கும் நேரம். பன்னிரண்டு தவணை கட்டிய பிறகு, மீதியைத் தீர்க்க எவ்வளவு என்று கேட்டால் மூன்று வேறு விடைகள் வரக்கூடும். ஃபிளாட் கணக்கை நம்பியவர் பாதி அசல் போய்விட்டது, 50,000 ரூபாய் போதும் என்று நினைத்திருப்பார். மாதம் 1.798 சதவீதத்தில் நிலுவையை வரி வரியாக இறக்கினால் எஞ்சியிருப்பது 55,325 ரூபாய். மிச்சமிருக்கும் பன்னிரண்டு தவணையையும் அப்படியே கட்டு என்றால் 62,000 ரூபாய். மூன்றாவது தொகையைக் கேட்கும் இடத்தில், முன்கூட்டிக் கட்டுவதால் குடும்பத்துக்கு ஒரு ரூபாயும் மிச்சமாகாது, வரப்போகும் பன்னிரண்டு மாதத்து வட்டியான 6,675 ரூபாயை இன்றே கொடுத்ததாகிவிடும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தவணை அட்டவணையை வாங்கி, பன்னிரண்டாம் வரிக்கு நேரே எழுதியிருக்கும் நிலுவை இவற்றில் எது என்று பார்த்துக்கொள்ளலாம். முன்கூட்டி முடிக்கும்போது அந்த நிலுவையை மட்டும் வாங்குவார்களா, அதன்மேல் கட்டணம் உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் அப்போதே தேடிப் படித்துவிடலாம்.